பார்சல் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி: சின்ன ஹோட்டல் பில்லுக்கு மூன்று வழிகள்

சின்ன ஹோட்டல் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாப்பாட்டுக்கு அஞ்சு பர்சென்ட் போடுறோம், சரி. பார்சல் டப்பாவுக்கு வாங்கும் காசுக்கும் வரி போடணுமா? பேசாம எல்லாத்தையும் விலையிலேயே சேர்த்துடலாமா? இல்ல, காம்போசிஷனுக்குப் போயிட்டா இந்தத் தொல்லையே இருக்காதா?"

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. பில்லில் எதை எப்படிக் காட்டுவது என்பது ஒன்று. ஜிஎஸ்டியில் எந்தத் திட்டத்தில் இருப்பது, வழக்கமானதிலா, சின்னக் கடைகளுக்கான காம்போசிஷன் திட்டத்திலா என்பது இன்னொன்று. முதல் முடிவைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் பணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இரண்டாவதில்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, நாளைக்கு அதிகாரி வந்து கணக்கைப் புரட்டினால் அந்த பில் நிற்குமா. இரண்டாவது, வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் எல்லா வரியும் போக முதலாளி கையில் எவ்வளவு தங்கும். மூன்றாவது, கல்லாவில் தகராறு வருமா. நான்காவது, கடையின் சூழ்நிலை: இடம் யாருடையது, உணவு டெலிவரி ஆப்பில் விற்கிறீர்களா, பார்சல் எவ்வளவு போகிறது. இந்த நான்காவதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒப்பிட ஒரு பில்லை வைத்துக்கொள்வோம். இரண்டு பிரியாணி, ஒரு சிக்கன் 65, பரோட்டா எல்லாம் சேர்த்துச் சாப்பாடு 600 ரூபாய், பார்சல் சார்ஜ் 30 ரூபாய். கடையின் மாத வசூல் 8 லட்சம், வாடகை 40,000. தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் சாதாரணக் கடை. மது கிடையாது, தங்கும் அறை கிடையாது.

## முதலில் சட்டம் என்ன சொல்கிறது

உணவக சேவைக்கு வரி 5 சதவீதம்: மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில் ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12, ஏசி ஹோட்டலுக்கு 18 என்று இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் பல பொருட்களின் வரி மாறியபோதும் இது மாறவில்லை. ஆனால் இந்த 5 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெய், டப்பா, வாடகை என்று நீங்கள் வாங்கும் எதற்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது இன்புட் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

பார்சல் சார்ஜுக்கு வருவோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு விற்பனையின் மதிப்பில் எவையெல்லாம் சேரும் என்று பட்டியலிடுகிறது. விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் இதர செலவுகளும் அதில் வருகின்றன. பேக்கிங் செலவு பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே 30 ரூபாய்க்கும் வரி உண்டு. என்ன வரி? டப்பா தனியாக வாங்கினால் 18 சதவீதம் என்பதால் பார்சல் சார்ஜுக்கும் 18 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. யாரும் டப்பா வாங்க ஹோட்டலுக்கு வருவதில்லை. சாப்பாடுதான் முக்கியம், டப்பா அதனோடு சேர்ந்து வருவது. இப்படிப் பிரிக்க முடியாமல் சேர்ந்து வருபவற்றுக்கு முக்கியமானதன் வரிவிகிதமே மொத்தத்துக்கும் பொருந்தும். எனவே 5 சதவீதம்தான்.

"பார்சலுக்கு வரி இல்லைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே" என்று சிலர் சொல்வார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரியைப் பற்றிய வழக்கு. ஜிஎஸ்டி அறிவிக்கையில் உணவக சேவைக்குக் கொடுத்திருக்கும் விளக்கமே, கடையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வெளியே எடுத்துப் போனாலும் அடங்கும் என்றுதான் இருக்கிறது. பழைய தீர்ப்பை இன்றைய பில்லுக்குக் காட்ட முடியாது.

இதனால் நான்காவது வழி ஒன்று அடிபட்டுப் போகிறது. 600 ரூபாய்க்கு 30 ரூபாய் வரி போட்டு, அதற்குக் கீழே பார்சல் 30 என்று வரியில்லாமல் சேர்த்து, 660 வாங்குவது. ஏராளமான கடைகளில் பில்லிங் மெஷின் இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. சரியான தொகை 661.50. ஒரு பில்லுக்கு ஒன்றரை ரூபாய்தானே என்று தோன்றும். நாளைக்கு 80 பார்சல், ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாய் என்றால் தினம் 2,400 ரூபாய், அதற்கு வரி 120. ஆண்டுக்கு 43,800 ரூபாய். இது வெளியே வரும்போது அந்த வரியும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், அபராதமும் முதலாளியின் கையிலிருந்துதான் போகும். என்றோ வந்து போன வாடிக்கையாளரிடம் திரும்பக் கேட்க முடியாது.

இது எப்படி வெளியே வருகிறது என்றால், உங்கள் மெஷினே சொல்லிவிடும். ராத்திரி கடை மூடும்போது எடுக்கும் அன்றைய அறிக்கையில் பார்சல் சார்ஜ் தனித் தலைப்பில் மொத்தமாக நிற்கும்.  உங்கள் கடையில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு பார்சல் பில்லை எடுத்து, வரித் தொகையை 20ஆல் பெருக்குங்கள். வருவது சாப்பாடும் பார்சலும் சேர்ந்த தொகையா, வெறும் சாப்பாட்டுத் தொகையா என்பதில் தெரிந்துவிடும்.

சரி, இப்போது சட்டப்படி நிற்கும் மூன்று வழிகள்.

## வழி ஒன்று: தனித்தனியாகக் காட்டி, மொத்தத்துக்கு வரி போடுவது

சாப்பாடு 600, பார்சல் 30, ஆகமொத்தம் 630. அதற்கு 15.75 மத்திய வரி, 15.75 மாநில வரி. வாடிக்கையாளர் கொடுப்பது 661.50.

இதன் நல்ல பக்கம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. உட்கார்ந்து சாப்பிடுபவர் டப்பாவுக்குக் காசு கொடுப்பதில்லை. டப்பா விலை ஏறினால் மெனுவைத் தொடாமல் பார்சல் சார்ஜை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவருபவருக்கு அந்தத் தொகையை எடுத்துவிடலாம். வரியும் தானாகக் குறையும்.

மறைந்திருக்கும் செலவு டப்பா வாங்கும் இடத்தில் இருக்கிறது. மொத்தக் கடையில் பிளாஸ்டிக் டப்பா ஒன்று 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத வரியோடு 5.90. இன்புட் இல்லாததால் உங்களுக்கு அடக்கம் 5.90தான், 5 அல்ல. சாம்பார், சட்னி கவர், கரண்டி, மேலே போடும் கைப்பை என்று ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்சல் சார்ஜை முடிவு செய்யும்போது வரி சேர்ந்த விலையை வைத்துக் கணக்கிட வேண்டும். டப்பா வாங்கிய பில்லின் மேல்பகுதியில் இருக்கும் விலையை மட்டும் பார்த்து 30 என்று வைத்தவர்கள், ஒவ்வொரு பார்சலிலும் கொஞ்சம் கையை விட்டுப் போடுகிறார்கள்.

இன்னொரு சங்கடம் கல்லாவில் வருவது. "பார்சலுக்கும் காசு, அதுக்கு மேல வரி வேறயா?" என்ற கேள்வியைக் காசாளர் தினமும் கேட்க வேண்டியிருக்கும். பார்சல் சார்ஜ் எவ்வளவு என்று மெனு அட்டையிலும் கல்லாவுக்கு மேலேயும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் இது பெரிய அளவில் குறையும். பில் வந்த பிறகு தெரிவதால்தான் கோபம் வருகிறது.

பார்சலும் உட்கார்ந்து சாப்பிடுவதும் பாதிக்குப் பாதியாக இருக்கும் கடைக்கு இந்த வழி பொருந்தும்.

## வழி இரண்டு: எல்லாம் விலைக்குள்ளேயே

மெனுவில் எழுதியிருப்பதுதான் கடைசி விலை. வரி, பார்சல் எல்லாம் அதற்குள். வாடிக்கையாளர் அதே 661.50 கொடுப்பார், நடைமுறையில் விலைகளை முழு ரூபாயாக வைப்பீர்கள், 660 அல்லது 665 ஆகும். கல்லாவில் பேச்சே இல்லை. மேசை குறைவாக, பார்சல் அதிகமாக உள்ள பிரியாணிக் கடை, டிபன் கடைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

விலைக்குள் வரி இருந்தாலும் பில்லில் வரி தனியாகத் தெரிய வேண்டும். மதிப்பு 630, வரி 31.50 என்று மெஷின் பிரித்துக் காட்ட வேண்டும். மொத்தத்திலிருந்து வரியைப் பிரிக்கும் கணக்கு இதுதான்:

```
வரி = மொத்தம் × 5 ÷ 105
661.50 × 5 ÷ 105 = 31.50
```

இங்கேதான் காசு போகிறது. மாதக் கடைசியில் கணக்கு எழுதுபவரிடம் "மொத்த வசூல் 8 லட்சம்" என்று மட்டும் சொன்னால், அவர் 8 லட்சத்துக்கு 5 சதவீதம் என்று 40,000 கட்டிவிடுவார். சரியான தொகை 38,095. மாதம் 1,905 ரூபாய் வீணாகக் கட்டியிருக்கிறீர்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. விலையில் வரியைச் சேர்த்த பிறகும் மெஷினில் பழைய அமைப்பை மாற்றாமல் விட்டால், 661.50க்கு மேல் இன்னொரு 5 சதவீதம் விழும். வாடிக்கையாளர் 694.58 கொடுப்பார். மெனு அட்டையில் வரி உட்பட என்று எழுதிவிட்டு இப்படி வாங்குவது சண்டையில்தான் முடியும். மாற்றிய அன்றைக்கு ஒரு சோதனை பில் போட்டுப் பாருங்கள்.

இதன் குறை, உட்கார்ந்து சாப்பிடுபவரும் டப்பாவின் விலையைச் சுமக்கிறார். அது வேண்டாம் என்றால் மெஷினில் பார்சலுக்குத் தனி விலைப்பட்டியல் வைக்கலாம். பிரியாணி கடையில் 230, பார்சல் 240 என்பது போல. இது முழுக்கச் சரியானதுதான். ஆனால் கூட்ட நேரத்தில் பையன் தவறான பட்டியலில் அடித்துவிடுவது சகஜம், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

## வழி மூன்று: காம்போசிஷன்

சென்ற நிதியாண்டின் மொத்த விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டாத, மது விற்காத உணவகம் இந்தத் திட்டத்துக்கு வரலாம். வாடிக்கையாளரிடம் வரி என்று எதையும் வாங்கக் கூடாது. பில்லுக்குப் பெயரே வேறு. ஆங்கிலத்தில் பில் ஆஃப் சப்ளை என்று மேலே இருக்கும், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்ற வாசகமும் இருக்க வேண்டும். கடையின் கண்ணில் படும் இடத்தில் காம்போசிஷன் என்று பலகை வைக்க வேண்டும். மொத்த விற்பனையில் 5 சதவீதத்தை முதலாளி தன் கையிலிருந்து கட்டுவார். பார்சல் சார்ஜும் அந்த மொத்த விற்பனையில் சேர்ந்ததுதான்.

மற்ற தொழில்களில் காம்போசிஷனின் கவர்ச்சி குறைந்த வரிவிகிதம். வணிகர்களுக்கு 1 சதவீதம். ஆனால் உணவகத்துக்கு இங்கேயும் 5, அங்கேயும் 5. இரண்டிலும் இன்புட் இல்லை. அப்படியானால் சமம்தானே என்று தோன்றும். சமம் இல்லை. வழக்கமான திட்டத்தில் வரி, 105இல் 5. காம்போசிஷனில் 100இல் 5. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த அதே 8 லட்சத்துக்கு வழக்கமான கடை 38,095 கட்டினால், காம்போசிஷன் கடை 40,000 கட்டுகிறது. மாதம் 1,905 அதிகம். நம் உதாரண பில்லில், கையில் 630 தங்க வேண்டுமானால் வழக்கமான கடை 661.50 வாங்கினால் போதும். காம்போசிஷன் கடை 663.16 வாங்க வேண்டும்.

அப்படியானால் யாராவது ஏன் காம்போசிஷனுக்குப் போக வேண்டும்? காரணம் வாடகை.

கடை இடத்தின் சொந்தக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத உரிமையாளருக்கு வணிக இடத்து வாடகை கொடுக்கும் பதிவுபெற்ற கடைக்காரர், அந்த வாடகைக்கான 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். 40,000 வாடகைக்கு மாதம் 7,200 ரூபாய். 5 சதவீதத் திட்டத்தில் இன்புட் இல்லாததால் அது முழுக்கச் செலவு. ஆனால் காம்போசிஷனில் இருப்பவருக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்த வாடகை ரிவர்ஸ் சார்ஜ் கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். விற்பனை வரியில் 1,905 அதிகம், வாடகையில் 7,200 மிச்சம். நம் உதாரணக் கடைக்குக் காம்போசிஷனில் மாதம் 5,295 ரூபாய் லாபம். ஆண்டுக்கு 63 ஆயிரத்துக்கு மேல். இட உரிமையாளர் பதிவு செய்தவர் என்றால் கதை மாறிவிடும். அவர் எப்படியும் 18 சதவீதம் போட்டுத்தான் வாடகை பில் கொடுப்பார். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அது உங்கள் செலவு. சொந்த இடம் என்றால் வாடகையே இல்லை. இந்த இரண்டு நிலையிலும் காம்போசிஷனால் மாதம் 1,905 நட்டம்தான்.

ஆக, முதலாளி செய்ய வேண்டிய முதல் வேலை பில்லிங் மெஷினைப் பார்ப்பது அல்ல, வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பது. பல கடைகளில் இந்த ரிவர்ஸ் சார்ஜ் இருப்பதே தெரியாமல், கட்டாமல் விடப்பட்டிருக்கிறது. பார்சல் சார்ஜ் பாக்கியைவிட இது மிகப் பெரிய தொகை. நம் கடையில் ஆண்டுக்கு 86,400.

காம்போசிஷனின் பெரிய தடை டெலிவரி ஆப். மின்வணிக நிறுவனம் வழியாகச் சேவை விற்பவர்கள் இந்தத் திட்டத்தில் இருப்பதைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடுக்கிறது. இன்று ஆப் இல்லாமல் பல ஊர்களில் ஹோட்டல் நடத்துவது கஷ்டம். உங்கள் வசூலில் கணிசமான பகுதி ஆப்பிலிருந்து வருகிறது என்றால், வாடகை மிச்சத்துக்காக அதை விட்டுவிட முடியாது.

எழுத்து வேலை மட்டும் நிச்சயம் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை CMP-08, ஆண்டுக்கு ஒரு GSTR-4. அவ்வளவுதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தனித்தனியாக | விலைக்குள்ளே | காம்போசிஷன் |
|---|---|---|---|
| கையில் 630 தங்க வாடிக்கையாளர் கொடுப்பது | 661.50 | 661.50 | 663.16 |
| 8 லட்சம் வசூலில் வரி | 38,095 | 38,095 | 40,000 |
| 40,000 வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ் (உரிமையாளர் பதிவு செய்யாதவர்) | 7,200 | 7,200 | இல்லை |
| பில்லில் வரி தெரியுமா | தெரியும் | பிரித்துக் காட்ட வேண்டும் | காட்டக் கூடாது |
| டெலிவரி ஆப் | முடியும் | முடியும் | முடியாது |
| அதிகம் நடக்கும் தவறு | பார்சலை வரியில் சேர்க்காமல் விடுவது | மொத்தத்துக்கு 5 போடுவது | வரி வசூலிப்பது |

முதல் இரண்டு வழிகளுக்கும் வரியில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனியாகக் காட்டினால் வரி கூடும், விலைக்குள் வைத்தால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## ஆப்பில் போகும் பார்சல்

2022 ஜனவரி 1 முதல், டெலிவரி ஆப் வழியாகப் போகும் உணவுக்கான 5 சதவீத வரியை ஆப் நிறுவனமே வாங்கி அரசுக்குக் கட்டுகிறது. நீங்கள் ஆப்பில் போட்டிருக்கும் பார்சல் சார்ஜும் இதில் அடக்கம். 600 சாப்பாடு, 30 பார்சல் என்றால் 31.50 அவர்கள் கணக்கில் போகும். நீங்கள் அதை மறுபடி கட்டக் கூடாது. GSTR-3B படிவத்தில் 3.1.1 என்ற பட்டியலில் இந்த விற்பனையை மட்டும் தனியாகக் காட்ட வேண்டும். வங்கிக்கு வந்த மொத்தப் பணத்தை வைத்து ரிட்டர்ன் போடும் கடைகள் இதே விற்பனைக்கு இரண்டாம் முறை வரி கட்டுகின்றன. ஆப் நிறுவனம் தன் கமிஷனுக்குப் போடும் 18 சதவீத வரி, வழக்கம்போல, உங்கள் செலவுதான்.

## சர்வீஸ் சார்ஜ்: வாங்கலாமா, வாங்கினால் வரி உண்டா?

இது இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கேள்வி. குழப்பம் எல்லாம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

வரிச் சட்டத்தின்படி, கடை வாங்கும் சர்வீஸ் சார்ஜ் பில் மதிப்பில் சேரும். அதற்கும் 5 சதவீதம்தான், 18 அல்ல. உட்கார்ந்து சாப்பிட்ட 600 ரூபாய்க்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 60. மொத்தம் 660, வரி 33, ஆக 693. பழைய நாட்களில் சேவை வரி என்று அரசுக்குப் போன தொகை ஒன்று பில்லில் இருந்தது. அதனால் இன்றைக்கும் சர்வீஸ் சார்ஜை அரசு வாங்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இது கடைக்குப் போகும் பணம்.

நுகர்வோர் சட்டத்தின்படி, இதைத் தானாக பில்லில் சேர்க்கவே கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. வேறு பெயரில் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போட்டும் வாங்கக் கூடாது. உணவக சங்கங்கள் இதை எதிர்த்துப் போட்ட வழக்குகளை தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

ஏற்கெனவே பில்லில் விழுந்துவிட்டது, வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார். எவ்வளவு குறைக்க வேண்டும்? பெரும்பாலான கடைகளில் காசாளர் 693இல் 60ஐக் கழித்து 633 வாங்கிக்கொள்வார். சரியான தொகை 630. அந்த 60க்குப் போட்ட 3 ரூபாய் வரியும் போக வேண்டும். வாங்காத கட்டணத்துக்கு வரி வாங்க முடியாது. மெஷினில் கடைசியில் தள்ளுபடி என்று அடிக்காமல், சர்வீஸ் சார்ஜை நீக்கிப் புது பில் போடுவதுதான் வழி. வாடிக்கையாளராகப் போகிறவர்களும் இந்த மூன்று ரூபாயைக் கவனியுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஊழியர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில் சர்வீஸ் சார்ஜ் வைக்கும் முதலாளிகளை நான் அறிவேன். அவர்களுக்கு என் பதில், விலையை ஏற்றுங்கள். 600ஐ 660 ஆக்கினால் வாடிக்கையாளர் கொடுப்பது அதே 693, வரியும் அதே 33. விலையை வைப்பது உங்கள் உரிமை, யாரும் கேட்க முடியாது. உள்ளே நுழையும்போதே மெனுவில் தெரிகிற விலைக்கும், சாப்பிட்டு முடித்த பிறகு தெரிகிற சார்ஜுக்கும் வாடிக்கையாளர் மனதில் நிறைய வித்தியாசம் உண்டு. விருப்பப்பட்டு பரிமாறுபவர் கையில் நேராகக் கொடுக்கும் டிப்ஸ் பில்லிலேயே வராது, அதற்கு வரியும் இல்லை.

## சாப்பிடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பது

பில்லில் இருக்கும் பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண்ணை services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால், அந்தக் கடை Regular ஆ Composition ஆ என்று வந்துவிடும். காம்போசிஷன் என்று வந்து, பில்லில் 2.5, 2.5 என்று வரி போட்டிருந்தால் அந்த வரி உங்களிடம் வாங்கியிருக்கக் கூடாதது. எண்ணே இல்லாமல் வரி மட்டும் இருந்தாலும் அப்படித்தான். 18 சதவீதம் போட்டிருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள தங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சரியாக இருக்கலாம்.

## யாருக்கு எது

ஆப்பில் விற்கும் கடை என்றால் காம்போசிஷனை மறந்துவிடலாம். பார்சல் பெரும்பான்மை என்றால் விலைக்குள்ளேயே வையுங்கள். மேசைகளும் பார்சலும் சம அளவில் இருந்தால் தனித்தனியாகக் காட்டுவது நியாயம். ஆப் இல்லாமல், பதிவு செய்யாத உரிமையாளரிடம் வாடகைக்கு இருந்து, ஒன்றரைக் கோடிக்குள் விற்பவர்கள் காம்போசிஷனைக் கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எளிய கணக்கு: மாத வசூலை 420ஆல் வகுத்தால் காம்போசிஷனில் கூடுதலாகக் கட்டும் தொகை வரும். மாத வாடகையில் 18 சதவீதம் மிச்சமாகும் தொகை. எது பெரிதோ அதன் பக்கம் போங்கள். வசூல் அதிகமாக இருந்து வாடகை மிகக் குறைவாக இருந்தால், வாடகைக் கடையாக இருந்தும் வழக்கமான திட்டமே லாபமாக வரலாம்.

ஆண்டின் நடுவில் காம்போசிஷனுக்கு மாற முடியாது. வழக்கமான திட்டத்தில் இருக்கும் கடை அடுத்த நிதியாண்டுக்குக் காம்போசிஷனுக்கு மாற, மார்ச் 31க்குள் தளத்தில் CMP-02 கொடுத்துவிட வேண்டும். அப்படி மாறினால் ஏப்ரல் 1 காலை முதல் பில்லுக்கு முன்பே மெஷினில் வரியை எடுத்து, பில்லின் தலைப்பை மாற்றி, மெனு விலைகளைப் புதிதாக வைத்து, பலகையை மாட்டியிருக்க வேண்டும்.